சட்டை மாறுகிறது, கட்டம் ஏன் கலைகிறது?

ஒரு சட்டையின் படத்தையும் வேறு ஒருவரின் படத்தையும் கொடுத்தால், அவர் அந்தச் சட்டையை அணிந்து நிற்பது போன்ற மூன்றாவது படத்தை உருவாக்கித் தரும் மென்பொருள்கள் இப்போது பல உள்ளன. விர்ச்சுவல் ட்ரை-ஆன் என்று அழைக்கப்படும் இந்தத் தொழில்நுட்பம், ஒரே நிறத் துணியிலும் பெரிய பூக்கள் போட்ட துணியிலும் நம்பும்படியான படத்தைத் தருகிறது. சிறு கட்டம் போட்ட சட்டையைக் கொடுத்துப் பார்த்தால்தான் அதன் பலவீனம் தெரிகிறது. கழுத்துப் பட்டை சரியாக இருக்கும், பட்டன்கள் இருக்கும், கைகள் இயல்பாக மடிந்திருக்கும். ஆனால் மார்புப் பகுதியில் கட்டங்கள் ஓரிடத்தில் பெரிதாகவும் ஓரிடத்தில் சிறிதாகவும் மாறி, இடுப்பருகே வெறும் சாம்பல் கலந்த நீலமாகக் கரைந்திருக்கும். உடலின் வளைவையும் துணியின் மடிப்பையும் ஊகிக்கத் தெரிந்த செயற்கை நுண்ணறிவு மாடலுக்கு ஒரு கட்டத்தைக் காப்பாற்ற முடியாமல் போவதற்குக் காரணம் என்ன என்பதையும், அதை எந்த அளவுக்குச் சரிசெய்யலாம் என்பதையும் இங்கே பார்க்கலாம்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் சிக்கலின் பாதி அங்கேயே இருக்கிறது. நீலமும் வெள்ளையும் மாறிமாறி வரும், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டம் வரை 4 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். இத்துறையின் ஆய்வுகளில் இன்று பரவலாகப் பயன்படும் பட அளவு 768 பிக்சல் அகலமும் 1024 பிக்சல் உயரமும் ஆகும். 2021-இல் வெளிவந்த VITON-HD படத்தொகுப்பு இந்த அளவை நிலைநிறுத்தியது. அதற்கு முன் 2018 வாக்கில் VITON என்ற முதல் தலைமுறை மாடல் வேலை செய்த அளவு வெறும் 192-க்கு 256 பிக்சல்தான். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் தலை முதல் கால் வரை தெரியும்படி நின்று, 1024 பிக்சலில் 950 பிக்சலை நிரப்பினால், ஒரு சென்டிமீட்டருக்கு 5.6 பிக்சல் கிடைக்கிறது. நமது சட்டையின் ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது 2.2 பிக்சல். மாறிமாறி வரும் ஒரு வடிவத்தைப் படத்தில் பதிக்க, ஒரு சுற்றுக்குக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும் என்பது அடிப்படை விதி. அந்த எல்லையில் நிற்கும் வடிவம் சிறிது சாய்ந்தாலோ சுருங்கினாலோ இல்லாத அலைகளைக் காட்டத் தொடங்கிவிடும். தொலைக்காட்சியில் நெருக்கமான கோடு போட்ட சட்டை அணிந்தவர் அசையும்போது துணியில் நெளியும் வானவில் போன்ற அலைகள் இதே காரணத்தால் வருபவைதான்.

எனவே முழு உருவப் படத்தை விட்டுவிட்டு, தலை முதல் தொடை வரை மட்டும் தெரியும் படத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 90 சென்டிமீட்டர் உடல் 950 பிக்சலில் அடங்குவதால் சென்டிமீட்டருக்கு 10.6 பிக்சலும், ஒரு கட்டத்துக்கு 4.2 பிக்சலும் கிடைக்கின்றன. படத்தில் கட்டம் தெளிவாகவே தெரிய வேண்டிய அளவு இது. ஆனாலும் கரைகிறது, ஏனென்றால் இப்போதைய மாடல்களில் பெரும்பாலானவை பிக்சல்களின் மீது நேரடியாக வேலை செய்வதில்லை.

வெறும் இரைச்சலிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் படத்தை உருவாக்குபவை டிஃப்யூஷன் மாடல்கள். அவற்றில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் குடும்பத்தைச் சேர்ந்தவை, படத்தை முதலில் ஆட்டோஎன்கோடர் என்ற ஒரு சுருக்கியின் வழியாக அனுப்புகின்றன. அது 8-க்கு 8 பிக்சல் கொண்ட ஒவ்வொரு சதுரத்தையும் நான்கு எண்களாகச் சுருக்குகிறது. 64 பிக்சல்களில் சிவப்பு, பச்சை, நீலம் என 192 எண்கள் இருந்த இடத்தில் நான்கே எண்கள் எஞ்சுகின்றன. சட்டையை உடலில் பொருத்தும் வேலை முழுவதும் இந்தச் சுருங்கிய வடிவில்தான் நடக்கிறது. முடிந்த பிறகு ஒரு விரிப்பி அதை மீண்டும் பிக்சல்களாக மாற்றுகிறது. நமது கணக்கில் 8 பிக்சல் என்பது துணியில் 7.6 மில்லிமீட்டர். அதாவது அகலத்தில் ஏறத்தாழ இரண்டு கட்டமும் உயரத்தில் இரண்டு கட்டமுமாக நான்கு கட்டங்களின் நிறம், கோட்டின் தடிமன், அவை எந்தப் பிக்சலில் தொடங்குகின்றன என்ற இடக்குறிப்பு அனைத்தும் அந்த நான்கு எண்களுக்குள் அடங்க வேண்டும். விரிப்பி ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகியது என்பதாலும், பக்கத்துச் சதுரங்களையும் சேர்த்துப் பார்ப்பதாலும், கட்டம் முழுவதுமாக அழிவதில்லை. ஆனால் திரும்பி வருவது அந்தச் சட்டையின் கட்டம்தான் என்று சொல்ல முடியாது, அதைப் போன்ற ஏதோ ஒரு கட்டம் வருகிறது. எழுத்துகளும் சிறிய முகங்களும் இத்தகைய மாடல்களில் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தன் கையில் இருக்கும் மாடல் எந்த அளவுக்குக் காப்பாற்றும் என்பதை அறிய, ட்ரை-ஆன் எதையும் ஓட்டாமலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆடைப் படத்தைச் சுருக்கி, உடனே விரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

```python
import torch
from PIL import Image
from diffusers import AutoencoderKL
from diffusers.image_processor import VaeImageProcessor

vae = AutoencoderKL.from_pretrained("stabilityai/sd-vae-ft-mse")
proc = VaeImageProcessor()
x = proc.preprocess(Image.open("shirt.png").convert("RGB"))
with torch.no_grad():
    z = vae.encode(x).latent_dist.mode()
    y = vae.decode(z).sample
proc.postprocess(y)[0].save("shirt_back.png")
```

இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி, பட்டன் பட்டையின் ஓரத்தைப் பார்த்தால் போதும். ஆடைப் படத்தை அப்படியே கொடுக்காமல், அணிந்தவரின் உடலில் அது எந்த அளவில் வருமோ அந்த அளவுக்குச் சுருக்கிக் கொடுக்க வேண்டும் என்பது முக்கியம். இல்லாவிட்டால் சோதனை நம்மை ஏமாற்றிவிடும். இந்தப் போக்குவரத்திலேயே கட்டம் கலைந்துவிட்டால், அதன் பிறகு எத்தனை படிகள் ஓட்டினாலும், எந்த அமைப்பை மாற்றினாலும் அது திரும்பாது. சரியாக வந்துவிட்டால், குற்றம் வேறிடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நான்கு எண்களுக்குப் பதிலாகப் பதினாறு எண்களை வைத்துக்கொள்ளும் புதிய ஆட்டோஎன்கோடர்கள் இந்தச் சோதனையில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மேலானவை. மாடல் தேர்வுக்கு முன்பே செய்ய வேண்டிய இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை என்பதே என் எண்ணம்.

சுருக்கியைத் தாண்டிய பிறகு வரும் இரண்டாவது சிக்கல், ஆடையின் எந்தப் புள்ளி உடலின் எந்தப் புள்ளிக்குப் போக வேண்டும் என்பதை மாடல் எப்படி முடிவுசெய்கிறது என்பது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் தலைமுறை மாடல்கள் துணியை வளைத்து ஒட்டின. 2018-இல் வந்த CP-VTON, ஆடைப் படத்தின் மேல் 5-க்கு 5 என்று 25 புள்ளிகளை வைத்து, அந்தப் புள்ளிகளை நகர்த்துவதன் மூலம் முழுப் படத்தையும் ரப்பர் தாளைப் போல வளைத்தது. இங்கே கட்டம் அசல் படத்திலிருந்து எடுத்து வைக்கப்படுவதால் எண்ணிக்கை மாறாது, நிறம் மாறாது. ஆனால் 25 புள்ளிகளால் கையைத் தூக்கி நிற்பவரின் சட்டையை வளைக்க முடியாது. கையும் உடலும் ஒரே தாளாக இழுபடுவதால் அக்குளருகே கட்டங்கள் நீண்ட சாய்சதுரங்களாகிவிடும். அதன் பிறகு வந்தவை, ஒவ்வொரு பிக்சலும் எங்கிருந்து வர வேண்டும் என்ற நகர்வுப் படத்தை உருவாக்கின. 2023-இல் வந்த GP-VTON ஒரு படி மேலே போய், இடது கை, உடல், வலது கை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி நகர்வுப் படங்களை உருவாக்கி, பிறகு இணைத்தது. தையற்காரர் சட்டையை வெட்டும் முறைக்கு நெருக்கமான யோசனை அது. சட்டையைப் பேன்ட்டுக்குள் செருகியிருப்பவரின் படத்தில், வெளியே தெரியாத அடிப்பகுதியையும் சேர்த்து இடுப்புக்கு மேலே நெருக்கித் திணிக்கும் தவறையும் அது கவனித்துச் சரிசெய்ய முயன்றது.

டிஃப்யூஷன் மாடல்கள் எடுத்துக்கொண்டது இரண்டாவது வழி. அவை துணியை நேரடியாக வளைப்பதில்லை. அட்டென்ஷன் என்ற பொறிமுறையின் மூலம், உருவாகிவரும் படத்தின் ஒவ்வொரு இடமும் ஆடைப் படத்தின் எல்லா இடங்களையும் பார்த்து, தனக்குப் பொருத்தமான இடங்களிலிருந்து தகவலை எடைபோட்டுக் கலந்து எடுத்துக்கொள்கிறது. 2023-இல் கூகுளும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட TryOnDiffusion இந்த வழியில் சென்றது. 2024-இல் வந்த CatVTON, ஆடைப் படத்தையும் ஆளின் படத்தையும் பக்கத்தில் பக்கமாக ஒட்டி ஒரே படமாகக் கொடுத்தாலே போதும் என்ற அளவுக்கு அதை எளிமையாக்கியது. மடிப்புகளும் நிழல்களும் இந்த வழியில்தான் இயல்பாக வருகின்றன.

ஆனால் கட்டம் போட்ட துணியில் இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலை தடுமாறுகிறது. மார்பில் இருக்கும் ஒரு கட்டமும் அதற்கு நான்கு கட்டம் தள்ளி இருக்கும் இன்னொரு கட்டமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எதிலிருந்து எடுத்தாலும் சரிதான் என்று மாடலுக்குத் தோன்றுகிறது. பக்கத்துப் பக்கத்து இடங்கள் வெவ்வேறு கட்டங்களிலிருந்து எடுத்துக்கொள்ளும்போது, இடையில் ஒரு கட்டம் காணாமல் போகிறது அல்லது அரைக் கட்டம் கூடுதலாக முளைக்கிறது. சட்டைப் பையில் ஒரு சின்னம் இருந்தால் அது ஒரே ஒரு இடத்தில் இருப்பதால் தப்பிவிடுகிறது. அகலம் அகலமாக, பல நிறங்களில், ஒழுங்கில்லாத வரிசையில் கோடுகள் ஓடும் அசல் மதராஸ் செக் துணியும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. கோடுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. பார்ப்பதற்கு எளிமையாகத் தோன்றும் பள்ளிச் சீருடைக் கட்டம்தான் இயந்திரத்துக்குக் கடினமானது. StableVITON என்ற மாடல், பயிற்சியின்போது பக்கத்து இடங்கள் ஆடையிலும் பக்கத்து இடங்களையே பார்க்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாட்டைச் சேர்த்ததற்கு இந்தத் தடுமாற்றமே காரணம். அது பிழையைக் குறைக்கிறது, முழுவதுமாக நீக்குவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. மங்கலாக வந்த படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் மென்பொருளில் போட்டால், கட்டங்கள் பளிச்சென்று வந்துவிடும். அவை அந்தச் சட்டையின் கட்டங்களாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. துணி விற்பவருக்கு மங்கலான படத்தைவிடத் தெளிவான பொய்ப்படம் அதிகக் கேடு விளைவிக்கும், ஏனென்றால் வாங்குபவர் அதை நம்பிவிடுவார். ஆகவே படத்தை மதிப்பிடும்போது கூர்மையைப் பார்ப்பதற்கு முன் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். இரண்டு பட்டன்களுக்கு இடையே சுமார் 9 சென்டிமீட்டர் இருக்கும். நமது சட்டையில் அந்த இடைவெளியில் 22 கட்டங்கள் வரும். உருவான படத்திலும் அதே இரண்டு பட்டன்களுக்கு இடையே 22 வர வேண்டும். குறுக்கே எண்ணினால் உடல் திரும்பியிருப்பதால் சில கட்டங்கள் மறைந்திருக்கலாம், எனவே நெடுக்கில் எண்ணுவதே நம்பகமானது. 17 வந்தால், மாடல் கட்டத்தைத் தானே வரைந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது அடையாளம் தையல். உண்மையான சட்டையில் உடல் துண்டும் கைத் துண்டும் தனித்தனியாக வெட்டப்பட்டு இணைக்கப்படுவதால், தோள் தையலில் கட்டங்களின் வரிசை முறியும். கையில் ஓடும் கோடுகள் கை தொங்கும் திசையில் சாய்ந்திருக்கும். கட்டம் மார்பிலிருந்து கை வரை எங்கும் முறியாமல் ஒரே வலையாக ஓடினால், அங்கே துணி தைக்கப்படவில்லை, சுவரில் தாள் ஒட்டியதைப் போல ஒட்டப்பட்டிருக்கிறது.

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் மதிப்பெண்கள் இவற்றைக் காட்டிக்கொடுப்பதில்லை. உருவாக்கிய படங்கள் அசல் படங்களை எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று அளக்கும் எஃப்.ஐ.டி. என்ற பரவலான அளவுகோல், படத்தை வழக்கமாக 299-க்கு 299 பிக்சலாகச் சுருக்கிய பிறகுதான் பார்க்கத் தொடங்குகிறது. 1024 பிக்சல் உயரத்தில் 4.2 பிக்சலாக இருந்த நமது கட்டம் அங்கே 1.2 பிக்சல் ஆகிவிடும். இருந்ததா இல்லையா என்பதே அளவுகோலுக்குத் தெரியாது. பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிடும் அளவுகோல்களில் சிக்கல் வேறு விதமானது. கட்டம் கூர்மையாக, சரியான எண்ணிக்கையில் வந்தும், இடம் மட்டும் அரைக் கட்டம் தள்ளிப்போயிருந்தால், நீலம் வர வேண்டிய இடமெல்லாம் வெள்ளையாகவும் வெள்ளை வர வேண்டிய இடமெல்லாம் நீலமாகவும் இருக்கும். பிழையின் இருமடியைக் கணக்கிட்டால், எல்லா இடத்தையும் இடைப்பட்ட வெளிர் நீலமாகப் பூசிவிட்ட படத்துக்கு இதில் கால் பங்குப் பிழைதான் வரும். இந்தக் கணக்கின்படி பயிற்சி பெறும் எந்த மாடலும், சந்தேகம் வந்த இடத்தில் பூசிவிடுவதே பாதுகாப்பு என்று கற்றுக்கொள்ளும்.

தீர்வு என்று பார்த்தால், நகர்வும் வடிவமும் வெவ்வேறு நுணுக்கத்தைக் கேட்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். துணி உடலில் எப்படி வளைகிறது என்பது இடத்துக்கு இடம் மெதுவாக மாறும் விஷயம். அதை 768-க்கு 1024 அளவில் கணக்கிட்டு, பிறகு நான்கு மடங்கு பெரிதாக்கினாலும் பெரிதாக எதையும் இழப்பதில்லை. கட்டம் அப்படிப்பட்டதல்ல, அதற்கு ஒவ்வொரு பிக்சலும் தேவை. எனவே நகர்வுப் படத்தைச் சிறிய அளவில் கணக்கிட்டு, பெரிதாக்கி, கேமராவில் எடுத்த முழு அளவு ஆடைப் படத்தின் மேல் ஒரே ஒரு முறை பயன்படுத்த வேண்டும். 3000-க்கு 4000 பிக்சலில் எடுத்த முழு உருவப் படத்தில் அந்த 170 சென்டிமீட்டர் மனிதர் 3700 பிக்சலை நிரப்பினால், சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 22 பிக்சல் வருகிறது. ஒரு கட்டத்துக்கு 8.7 பிக்சல். முன்பு 2.2 பிக்சலில் திணறிய அதே சட்டைதான் இது. ஒரே ஒரு முறை என்று சொல்வதற்குக் காரணம், வளைக்கும் ஒவ்வொரு முறையும் அருகருகே உள்ள பிக்சல்கள் கலந்து கோட்டின் ஓரம் மழுங்குகிறது என்பது. ஆடைப் படம் உடலில் வரும் அளவைவிட மிகப் பெரியதாக இருந்தால், வளைப்பதற்கு முன் அதை முறையாகச் சுருக்கிக்கொள்ளவும் வேண்டும்; பிக்சல்களை இடையிடையே விட்டுவிட்டு எடுத்தால் அலைகள் தோன்றிவிடும்.

இப்படி வளைத்த துணியில் கட்டம் இருக்கும், உயிர் இருக்காது. நிழலும் மடிப்பின் கருமையும் டிஃப்யூஷன் மாடல் உருவாக்கிய படத்தில் இருக்கின்றன. இரண்டையும் இணைக்க, இரண்டு படங்களையும் கட்டம் தெரியாத அளவுக்கு மங்கலாக்கி, ஒன்றை மற்றொன்றால் வகுத்து, கிடைக்கும் வெளிச்ச விகிதத்தை வளைத்த துணியின் மேல் பெருக்கலாம்.

```
shade = blur(generated) / blur(warped)
result = warped * shade
```

மங்கலாக்கும் அளவு ஒரு கட்டத்தின் அகலத்தைவிடக் குறையக்கூடாது. குறைந்தால், மாடல் தவறாக வரைந்த கட்டங்களின் நிழலும் உள்ளே வந்து, இரட்டைக் கட்டமாகத் தெரியும். மிக அதிகமானால் மடிப்பின் கூர்மையான விளிம்பு போய்விடும். நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் இப்படிக் கணக்கிடுவதும், மங்கலாக்கும்போது ஆடையின் எல்லைக்கு வெளியே உள்ள தோலையும் பின்னணியையும் சேர்க்காமல் விடுவதும் அவசியம். சேர்த்துவிட்டால் கழுத்துப் பட்டையைச் சுற்றி வெளிறிய ஒரு வளையம் தோன்றும். அதைப் பார்த்தவுடனேயே தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். முகத்தையும் கைகளையும் அசல் படத்திலிருந்தே திரும்ப எடுத்து வைக்க வேண்டும், ஏனென்றால் ஆட்டோஎன்கோடருக்குள் சென்று வந்த முகமும் சற்று மாறித்தான் வரும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஆடைப் படத்தில் தெரியாத இடங்கள், அதாவது விலாப்புறம், கையின் உட்புறம், திறந்த கழுத்தின் உள்பக்கம் ஆகியவற்றுக்கு வளைக்கத் துணியே இல்லை. அவற்றை மாடலின் ஊகத்துக்கே விட வேண்டும். நகர்வுப் படத்தில் இல்லாத ஆழமான மடிப்பை மாடல் வரைந்திருந்தால், நிழல் மட்டும் மடிந்து, அதன் மேல் கட்டங்கள் நேராக ஓடும். அது சட்டையில் அச்சடித்த மடிப்பைப் போலத் தோன்றும். அத்தகைய இடங்களில் அந்த மடிப்பைச் சுற்றி மட்டும் மாடலின் படத்தையே வைத்துக்கொண்டு, கட்டம் சற்று மங்குவதை ஏற்றுக்கொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது; மடிப்பின் ஆழத்தில் கட்டம் தெளிவாகத் தெரியாததை யாரும் குறையாக நினைப்பதில்லை.

சேலைக்கு இவற்றில் எதுவும் அப்படியே பொருந்தாது. VITON-HD படத்தொகுப்பில் இருப்பவை பெண்களின் மேலாடைகள் மட்டும். ஒவ்வொன்றும் தைத்து முடித்த, முன்பக்கம் விரித்து வைத்த ஆடை. சட்டையின் படத்துக்கும் அணிந்த சட்டைக்கும் இடையே ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி என்ற உறவு உண்டு. கடையில் எடுத்த சேலைப் படத்தில் ஐந்தரை மீட்டர் துணி மடித்து வைக்கப்பட்டிருக்கும். கரையும் முந்தானையின் ஒரு பகுதியும் உடலின் ஒரு சாணும் மட்டும் தெரியும். கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் கரை எந்தக் கோணத்தில் திரும்பும் என்ற தகவல் அந்தப் படத்தில் எங்கும் இல்லை. சேலைக்கு ஓரளவு பலன் தரும் வழி, அதை ஒருவர் கட்டி நிற்கும் படத்தையே மூலமாகக் கொடுப்பது. TryOnDiffusion போன்றவை ஆடையைத் தனியாக எதிர்பார்க்காமல், அதை அணிந்த ஒருவரின் படத்தையே உள்ளீடாக எடுத்துக்கொள்பவை. அப்போதும் மூலப் படத்தில் இருப்பவரும் இலக்குப் படத்தில் இருப்பவரும் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்க வேண்டும், இருவரும் ஒரே பாணியில் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முந்தானையின் புட்டாக்கள் எண்ணிக்கையில் கூடிக் குறைந்து, கரையின் ஜரிகைக் கோடு கொசுவத்தின் மூன்றாம் மடிப்புக்குள் சென்று அப்படியே காணாமல் போய்விடும்.